நூறு மீட்டரில் ஊமையாகும் வானொலி

720 கிலோஹெர்ட்ஸ் என்றதும், மத்திய அலை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சென்னை 'ஏ' நிலையம் நினைவுக்கு வரும். வினாடிக்கு 7,20,000 முறை ஏறி இறங்கும் ஓர் அலை அது. அறிவிப்பாளரின் குரலுக்கேற்ப அந்த அலையின் உயரம் கூடிக் குறையும். இதுதான் ஏ.எம். உயரத்தில் ஏறியிருக்கும் குரலைப் பிரித்தெடுப்பது ரேடியோவின் வேலை. சாதாரண செட்டில் ஒரு டையோடு அதைச் செய்துவிடும். இன்னொரு வழி, பெருக்கல்.

ரேடியோவுக்குள்ளேயே ஆசிலேட்டர் வைத்து அதே 720 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கி, வரும் அலையை அதனால் பெருக்குவதுதான் ப்ராடக்ட் டிடெக்டர். பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். இரண்டு அலைகளும் சேர்ந்தே ஏறி இறங்கினால், மேலே இருக்கும்போது பிளஸ்ஸும் பிளஸ்ஸும் பெருகிப் பிளஸ். கீழே இருக்கும்போது மைனஸும் மைனஸும் பெருகி அதுவும் பிளஸ். ஆகவே விடை பூஜ்யத்துக்குக் கீழே போவதே இல்லை. அதன் சராசரி, வரும் அலையின் உயரத்தில் பாதி. உயரம்தானே குரல்!

சராசரியோடு 1440 கிலோஹெர்ட்ஸ் துடிப்பொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழிப்பது லோ-பாஸ் ஃபில்டர். 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 நானோஃபேரட் கெப்பாசிட்டரும் சேர்த்தால் ஏறத்தாழ 4.8 கிலோஹெர்ட்ஸ் வரை விடும்; 1440-ஐ முந்நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அது சுலபம். தொல்லை தருவது பக்கத்து வீடுதான். 729-இல் இன்னொரு நிலையம் இருந்தால், பெருக்கலுக்குப் பின் அது 9 கிலோஹெர்ட்ஸ் விசிலாக வந்து நிற்கும். இந்தச் சின்ன ஃபில்டர் அதைப் பாதியாக மட்டுமே குறைக்கும். கீச்சொலி கேட்டால் பெருக்கியைக் குறை சொல்லாமல், இன்னும் செங்குத்தாக வெட்டும் ஃபில்டரைத் தேட வேண்டும்.

இதுவரை, இரண்டு அலையும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டோம். நம் ஆசிலேட்டர் கொஞ்சம் பின்தங்கினால்? அந்தப் பின்தங்கலைக் கோணத்தில் அளந்து φ என்று எழுதினால், ஃபில்டருக்குப் பின் கிடைப்பது இதுதான்:

```
½ · [1 + m(t)] · cos φ
```

m(t) என்பது குரல். கூடவே ஒட்டியிருக்கும் cos φ தான் வில்லன். 30 பாகை பிசகினால் 87 சதவீதம் மிஞ்சும், காதுக்கே தெரியாது. 60 பாகையில் பாதி. 90 பாகையில் ஒன்றுமே இல்லை: ஓர் அலை பிளஸ்ஸாக இருக்கும் நேரத்தில் பாதி, மற்றது மைனஸாக இருந்து, வரவும் செலவும் சரியாகிவிடும். நிலையம் முழங்கிக்கொண்டிருக்க, ரேடியோ ஊமை. 180 பாகையில் ஒலி முழுசாகத் திரும்பி வரும், தலைகீழாக. காது அதைக் கண்டுகொள்ளாது.

90 பாகை என்பது எவ்வளவு? இந்த அலையின் நீளம் சுமார் 417 மீட்டர். அதில் கால் பங்கு 104 மீட்டர். நம் ஆசிலேட்டர் துளியும் நகராமல் ஓடுவதாகக் கற்பனை செய்துகொண்டு, ரேடியோவோடு நிலையத்தை நோக்கி நடந்தால், நன்றாகக் கேட்ட இடத்திலிருந்து 104 மீட்டரில் மௌனம். இன்னும் 104 மீட்டரில் மறுபடியும் பாட்டு.

நிஜத்தில் நடக்கவே வேண்டாம். கிரிஸ்டல் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகியிருந்தாலே 7.2 ஹெர்ட்ஸ் வித்தியாசம். φ நிற்காமல் சுழலும்; ஒலி வினாடிக்குப் பதினான்கு முறை செத்துப் பிழைக்கும். ஓடும் மின்விசிறிக்கு முன்னால் பேசினால் குரல் நடுங்குமே, அப்படி. சுருதி மாறாமல் இப்படி நடுங்கினால், பழுது ஆசிலேட்டரில்.

மருந்து இரண்டாவது பெருக்கி. ஆசிலேட்டரின் அலையை 90 பாகை தள்ளி அதற்குக் கொடுத்தால் cos φ இருந்த இடத்தில் sin φ வரும். இது முதலாமதற்கு நேர் எதிர்: எல்லாம் ஒத்துப்போனால் பூஜ்யம், முந்தினால் ஒரு குறி, பிந்தினால் மறு குறி. பிழை எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறது. சில ஹெர்ட்ஸ் மட்டுமே விடும் மந்தமான ஃபில்டர் வழியாக அதை ஆசிலேட்டருக்கே திருப்பி அனுப்பினால், அது தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் அளவுக்கு மீறி மந்தமானால் பிடி கிடைக்கத் தாமதமாகும், கிடைக்காமலும் போகும். வேகமானால் இரைச்சலுக்கெல்லாம் ஆசிலேட்டர் ஆடும்.

டையோடுக்கு இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பகலில். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி, குரலைச் சுமக்கும் நடு அலையை மட்டும் அடித்துப்போடும் நொடிகள் உண்டு. அப்போது உயரத்தை நம்பும் டையோடு கரகரக்கும். உள்ளேயே சொந்த அலை வைத்திருக்கும் பெருக்கி, அந்த நொடிகளைப் பெரும்பாலும் சமாளித்துத் தாண்டிவிடும்.