எழுபது நாற்காலி, நாற்பது பிள்ளைகள்

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேர்முட்டி வரை நடந்தால் பதினோரு டியூஷன் போர்டுகளை எண்ணலாம். பிளஸ் டூ கணக்குக்கு எங்கே கேட்டாலும் மாதம் 1,200லிருந்து 1,400 ரூபாய்க்குள்தான் சொல்வார்கள். இத்தனை பேர் போட்டி போட்டும் கட்டணம் ஏன் இறங்கவில்லை?

தக்காளியாக இருந்தால் இறங்கியிருக்கும். அடுத்த கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவென்றால் கூட்டம் அங்கே போய்விடும். டியூஷன் அப்படியில்லை. அண்ணன் படித்த இடத்தில்தான் தங்கையையும் சேர்ப்பார்கள். இருட்டிய பிறகு பெண் பிள்ளை நடந்து வரும் தூரத்தைப் பார்ப்பார்கள். 'அந்த சார் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்' என்ற பேச்சும் இருக்கும். தன்னை நம்பி வரும் பிள்ளைகள் மட்டில் ஒவ்வொரு சாரும் ஒரு குட்டி ராஜா. ஆனால் எதிர்வீட்டு மாடியிலேயே இன்னொரு ராஜா உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எட்வர்ட் சேம்பர்லின் 1933இல் வெளியிட்ட நூலில் இதற்கு வைத்த பெயர்தான் முற்றுரிமைப் போட்டி.

எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு சாரின் வரவு செலவைப் பார்ப்போம். மாடி வாடகை 10,000. உதவிக்கு இரண்டு ஆசிரியர்கள், 16,000. கரன்ட், இதர செலவு 2,000. இதே உழைப்பைத் தனியார் பள்ளியில் போட்டிருந்தால் அவருக்கு 20,000 சம்பளம் கிடைத்திருக்கும். அதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும். ஆக, பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் 48,000. ஒரு பிள்ளை கூடினால் ஜெராக்ஸுக்கும் டெஸ்ட் பேப்பருக்கும் 100 ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

தொடங்கியபோது 1,300 ரூபாய்க்கு 60 பேர் வந்தார்கள். வரவு 78,000, செலவு 54,000. கையில் 24,000 நின்றது. அது ஊர் கண்ணில் படாமல் இருக்குமா? அவரிடமே உதவிக்கு இருந்த ஆசிரியர் இரண்டு தெரு தள்ளி போர்டு மாட்டினார். இப்போது சாரிடம் 40 பேர். வரவும் 52,000, செலவும் 52,000. தன் சம்பளம் மட்டும் தேறுகிறது.

"கட்டணத்தைக் குறைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"போன ஜூன்ல 1,100னு சொல்லிப் பார்த்தேன் சார். ஆறே ஆறு பேர்தான் கூட வந்தாங்க. ஒரு அம்மா, 'ஏன் இவ்ளோ கம்மி, இங்க பசங்க சேரலியா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

46 பேர், 50,600 வரவு, 52,600 செலவு. குறைத்ததில் 2,000 நஷ்டம். ஏற்றினாலும் பிழைக்க முடியாது: 1,500 என்றால் எட்டுப் பேர் நின்றுவிடுவார்கள் என்று அவரே மதிப்பிடுகிறார். அப்போது வரவு 48,000, செலவு 51,200. இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் அவருக்குக் கட்டுப்படி.

அந்த மாடியில் 70 நாற்காலி கிடக்கிறது. 60 பேர் இருந்தபோது ஒரு பிள்ளைக்கான செலவு 900 ரூபாய், இன்று 1,300. பதினோரு மாடியிலும் காலி நாற்காலிகள். அவற்றின் வாடகை நம் கட்டணத்துக்குள் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே டியூஷன், பிள்ளைக்குப் பிடித்த சார் என்ற வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது. முழுக்க வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வீண் என்று நான் நினைப்பது பிளெக்ஸ். விலையில் மோத முடியாதவர்கள் பெயரில் மோதுகிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் காலை 'கணக்கில் சென்டம்' என்று படங்கள் தொங்கும். ஒரே பெண்ணின் படம் மூன்று பிளெக்ஸில் சிரிக்கும்: இங்கே கணக்கு படித்தவள், அங்கே இயற்பியல், மூன்றாவது இடத்தில் கடைசி மாதம் டெஸ்ட் பேட்ச் மட்டும். பெயர் பெற்ற சென்டர் முதல் மார்க் வாங்கும் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று இழுத்துக்கொள்வதும் உண்டு. எங்கே போனாலும் அந்தப் பிள்ளை சென்டம் வாங்கும். நடத்தியதால் வந்த மார்க் எது, பொறுக்கி எடுத்ததால் வந்த மார்க் எது என்று பிளெக்ஸைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இதற்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. வெற்றி பெற்ற பிறகு மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் படம் போட வேண்டும். அவர் எந்த கோர்ஸ் படித்தார் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்குத்தான் அந்த விதி. நம் சாரின் மாடி அதற்குள் வராது.

ஆகவே ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் எத்தனை சென்டம் என்று கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பத்தாவதில் 60 மார்க் வாங்கி வந்த பிள்ளை இங்கே எவ்வளவு வாங்கியது என்று கேளுங்கள்.