கடலடி நம்முடையது, மீன் யாருடையது?

கோத்தா கோலா மூடாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு மேற்கே போகுதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை நம் எல்லைக்கடல். அங்கே மலேசியச் சட்டம்தான்.

அதற்கப்பால், 200 கடல் மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். இங்கே கடல் நமக்குச் சொந்தமில்லை. மீனும் எண்ணெயும் போன்ற வளங்களுக்குத்தான் உரிமை. அதனால்தான் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்கள் அனுமதி கேட்காமலே போகின்றன. வலை போட்டால்தான் வம்பு.

ஆனா எதிரே சுமத்ரா இருக்கே! நடுவில் 200 கடல் மைல்கூட இல்லை. 1969-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் கடலடித் தரையை மட்டும் கோடு போட்டுப் பிரித்தன. மீனுக்கும் அதே கோடுதான் என்கிறது மலேசியா. இல்லை, மீனுக்கு நடுக்கோடு வேண்டும் என்கிறது இந்தோனேசியா; அந்தக் கோடு நம் பக்கம் தள்ளி விழுகிறது. இடைப்பட்ட பகுதியில் தரை நம்முடையது, மீனுக்கு இருவரும் உரிமை கோருகிறார்கள். நம் வரைபடத்தைப் பார்த்து ஓட்டும் படகோட்டி, எதிர்த்தரப்பு ரோந்துப் படகின் கண்ணுக்கு அத்துமீறியவர்.

இதற்காகத்தான் 2012-இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்தன: அங்கே சிக்கும் மீனவரைக் கைது செய்யாமல் எச்சரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வெடி வைத்து மீன் பிடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்படியே பிடித்தாலும், நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும் என்கிறது ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73-ஆவது பிரிவு. இரு நாடுகளும் தனியாக ஒப்புக்கொள்ளாதவரை, சிறைத்தண்டனையும் கூடாது.