900 கூலும், 0.30 கிராம்

காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு தாமிரத் தகடுகளை நிறுத்தி, 0.50 ஆம்பியர் மின்னோட்டத்தை 30 நிமிடம் செலுத்தினால் எதிர்மின்வாயில் எவ்வளவு தாமிரம் படியும்? மேல்நிலை வேதியியல் பயிற்சித்தாள்களில் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும் கேள்வி இது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து போடுகிறவர்களே அதிகம். ஆனால் இது எலக்ட்ரான்களை எண்ணும் கணக்கு. எண்ணத் தெரிந்தால் சூத்திரம் தேவையில்லை.

ஒரு நொடியில் எத்தனை கூலும் மின்னூட்டம் கடக்கிறது என்பதைத்தான் ஆம்பியர் சொல்கிறது. எனவே 30 நிமிடத்தை முதலில் 1800 நொடியாக்க வேண்டும். 0.50 × 1800 = 900 கூலும். நிமிடத்தை அப்படியே பெருக்கினால் விடை அறுபது மடங்கு சுருங்கிவிடும்.

ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம் சுமார் 96,500 கூலும். இதுவே ஃபாரடே மாறிலி. 900-ஐ இதால் வகுத்தால் 0.00933 மோல் எலக்ட்ரான்கள் கம்பி வழியே வந்திருப்பது தெரியும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். கரைசலில் இருப்பது Cu²⁺ அயனி. ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கினால்தான் உலோகமாகித் தகட்டில் ஒட்டும். ஆகவே தாமிரம் பாதிதான்: 0.00466 மோல். அணு நிறை 63.5-ஆல் பெருக்க, 0.296 கிராம். இரண்டால் வகுக்க மறந்தவருக்கு 0.59 வரும். அதே 900 கூலும் வெள்ளி நைட்ரேட்டில் பாய்ந்தால் கணக்கு மாறும். Ag⁺ ஒரே எலக்ட்ரானில் திருப்தியடைந்துவிடும். படிவது சுமார் 1.01 கிராம்.

வெள்ளியின் இந்தச் சீரான நடத்தையை நம்பி ஆம்பியரையே ஒரு காலத்தில் வரையறுத்தார்கள். நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் ஒரு சர்வதேச ஆம்பியர். 1948 வரை இது நடைமுறையில் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் தராசு இவ்வளவு ஒழுங்காகப் பேசாது. எதிர்மின்வாயின் எடை 0.28 கிராம்தான் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டைக் கழுவும்போது துகள்கள் உதிர்ந்திருக்கலாம். மின்னோட்டம் இடையில் குறைந்திருக்கலாம். அரை மணி நேரமும் அம்மீட்டரைப் பார்த்து மின்தடை மாற்றியைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் 0.50 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தகட்டின் பரப்புக்கு மீறிய மின்னோட்டம் கொடுத்தால் படிவு பளபளப்பாக இருக்காது, கரும்பழுப்புப் பொடியாகும். எதிர்மின்வாயில் குமிழ்களும் தெரிந்தால், எலக்ட்ரான்களில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்குப் போகிறது என்று பொருள்.

நேர்மின்வாயையும் நிறுத்துப் பார்ப்பது நல்லது. அது இழந்த எடை எதிர்மின்வாய் பெற்றதைவிடச் சற்று அதிகமாக இருப்பது சகஜம்: அதன் மாசுகளும் தாமிரத் துணுக்குகளும் கரையாமல் அடியில் சேறாகத் தங்கிவிடுகின்றன.