குப்பிகளின் நடுவே – 7: அலமாரியில் பூக்கும் நவச்சாரம்

வேதிப்பொருள்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கக் கூடாது என்பதைப் போன வாரம் பார்த்தோம். காரணங்களைத் திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் அமிலம் சிந்தினால் செய்ய வேண்டியதை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் நடக்கும் பெரிய சிந்தலுக்குப் பெரும்பாலும் ஒரு முன்கதை இருக்கும். அந்த முன்கதை வெள்ளை நிறத்தில் கண்ணுக்கு எதிரே படிந்திருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேல்நிலைப் பள்ளி ஆய்வகம் ஒன்றின் வினைப்பொருள் அலமாரிக்கு முன்னால் நின்று பாருங்கள். குப்பிகளின் கழுத்திலும் லேபிள்களின் மேலும் அலமாரிக் கண்ணாடியின் உட்புறத்திலும் பால் தெளித்துக் காய்ந்ததுபோல ஒரு வெண்மை தெரியும். தூசி என்று துடைத்துவிடுவார்கள். சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடும். அது தூசி இல்லை, அம்மோனியம் குளோரைடு. நம் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான்.

பிளஸ் டூ மாணவர்கள் எல்லாருக்கும் இந்த வினை தெரியும். உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியா வருகிறதா என்று பார்க்க, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடித் தண்டைச் சோதனைக் குழாயின் வாயருகே காட்டுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அதே இரண்டு பொருள்களும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்தச் சோதனை ஆள் இல்லாமலே இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும். கண்ணாடி மூடி போட்ட குப்பி காற்றுப் புகாதது என்று நினைக்கிறோம். அடர் அமிலமும் அடர் அம்மோனியாக் கரைசலும் அந்த மூடியின் இடுக்கு வழியே கசிந்துகொண்டே இருக்கும். மே மாத வெயிலில் பூட்டிக் கிடக்கும் அறையில் கசிவு இன்னும் கூடும்.

நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமிலம் நனைத்த பஞ்சையும் மறுமுனையில் அம்மோனியா நனைத்த பஞ்சையும் வைத்தால், வெள்ளை வளையம் நடுவில் விழாமல் அமிலத்தின் பக்கமாகத் தள்ளி விழும். அம்மோனியாவின் மூலக்கூறு நிறை 17, ஹைட்ரஜன் குளோரைடினுடையது 36.5. இலேசான வாயு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் பரவுகிறது. அலமாரியில் மின்விசிறிக் காற்றும் சன்னல் காற்றும் குறுக்கிடும் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒன்று மட்டும் உறுதி. அம்மோனியாக் குப்பியை எதிர்ச் சுவரின் அலமாரிக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது, அது எட்டிவரும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். அலமாரியிலிருந்து கொஞ்சம் வெள்ளையைச் சுரண்டி எடுங்கள். தண்ணீரில் உடனே கரைய வேண்டும், கரும்பலகைச் சுண்ணக்கட்டித் தூள் அப்படிக் கரையாது. ஒரு பங்கில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மெல்லச் சூடாக்கினால் அம்மோனியா நெடி வரும், ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகும். இன்னொரு பங்கில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும், அம்மோனியா சேர்த்தால் கரைந்துபோகும். இரண்டும் பாடத்திட்டத்தில் உள்ள சோதனைகள். எந்த உப்பு என்று வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டாமல், தங்கள் ஆய்வக அலமாரியையே பகுப்பாய்வு செய்த வகுப்பு அந்தப் பாடத்தை மறக்காது.

சரி, வெள்ளையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே? இங்கேதான் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நினைவுக்கு வருகிறார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார். வெண்புகை கிளம்பும், கறுத்துக் கிடந்த உலோகம் பளிச்சென்று தெரியும், அதன்மேல் ஈயம் ஒட்டும். உலோகத்தின் மேல்தோலை உரிக்கத் தெரிந்த உப்பு அது. அலமாரியில் சூடு இல்லை, ஆனால் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்தப் படலம் ஈரம் இழுத்து இலேசான அமிலத்தன்மையோடு இரும்பின் மேல் உட்காரும். கூடவே கலந்து நிற்கும் அமில ஆவி இன்னும் மோசம். இரும்பு பீரோவின் கீல், தட்டைத் தாங்கும் சிறு கொக்கி, சுவரில் அடித்த ஆணி எல்லாம் உள்ளுக்குள் துருவேறும். தட்டுக்கு மேலே வண்ணப்பூச்சு நன்றாகத் தெரியும். கீழே கை வைத்துப் பார்த்தால் கொக்கி உதிரும். ஒருநாள் தட்டு சரிந்து, அதிலிருந்த குப்பிகள் எல்லாம் ஒன்றாக விழும். வெள்ளைக்கும் சிந்தலுக்கும் உள்ள உறவு இதுதான்.

அம்மோனியா பித்தளையை என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அதைத்தான் எனக்குக் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் இந்தியப் படையின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலம் முடியும்போது கழுத்துப் பகுதியில் தானாக விரிசல் விட்டிருக்கும். யாரும் சுடவில்லை, அடிக்கவில்லை, கீழே போடவில்லை. பருவமழையோடு வருவதால் ஆங்கிலேயர்கள் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, உறையை இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை நிற்கும் இடங்களைத் தேடிப் பிளந்திருக்கின்றன. உறைகளை மிதமாகச் சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்தியபின் விரிசல் நின்றது. பொருளில் குறை தேடி அத்தனை காலம் அலைந்தார்கள். விடை, பொருளைப் பக்கத்தில் எதோடு வைத்தோம் என்பதில் இருந்தது.

இது பள்ளிக்கு எங்கே பொருந்துகிறது? எரிவாயுக் குழாயின் திருகு, சிலிண்டரின் வால்வு, பன்சன் அடுப்பின் காம்பு எல்லாம் பித்தளை. அம்மோனியா வைத்த மூலையில் கேஸ் சிலிண்டரையும் நிறுத்தும் வழக்கம் உண்டு, இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக. வால்வைச் சுற்றி நீலப்பச்சைக் கறை தெரிந்தால் அம்மோனியா அங்கே வேலை செய்திருக்கிறது என்று பொருள். அந்த வால்வைத் தேய்த்துத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. சிலிண்டரை வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், விநியோகிப்பவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆக, பள்ளி ஆய்வகங்களுக்கான என் கையேட்டின் சேமிப்புப் பகுதியில் நான் எழுதியிருக்கும் விதி இது: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அடர் அம்மோனியாவும் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் மூடிய தனித்தனி அலமாரிகளில், இரண்டும் மிகக் கீழ்த் தட்டில், குப்பி உடைந்தால் முழுவதையும் பிடித்துக்கொள்ளும் ஆழமான பிளாஸ்டிக் தட்டத்துக்குள். இரும்பு பீரோ வேண்டாம். மேசைமேல் வகுப்புக்குத் தேவையான சின்னக் குப்பிகள் மட்டும். அம்மோனியாவின் புதுக் குப்பியை வெயில் காலத்தில் திறப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்ற வேண்டும், உள்ளே சேர்ந்த அழுத்தம் முகத்தில் பீச்சியடிக்கும். மாணவர்களுக்கு இதில் இரண்டே கட்டளைகள்: ஒரு குப்பியின் மூடியை மேசையில் வைக்காதே, இன்னொரு குப்பிக்கு மாற்றிப் போடாதே. விரலிடுக்கில் மூடியைப் பிடித்தபடி ஊற்றக் கற்றுக்கொடுத்தால் இரண்டும் நடக்காது.

மூடி என்றதும் இன்னொன்று. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குக் கண்ணாடி மூடி போட்டால், அது மூடியையும் கழுத்தையும் மெல்ல அரித்து ஒன்றாக ஒட்டிவிடும். திருகித் திறக்கப் பார்த்தால் கழுத்து கையோடு வரும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடிதான் அதற்கு.

இப்போது சிந்தலுக்கு வருகிறேன். தட்டு சரிந்து அரை லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தரையில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மாணவர்கள் வெளியே, சன்னல்கள் திறக்கட்டும். யார் மேலாவது பட்டிருந்தால் அவர்தான் முதல் வேலை, தரை பிறகு. பட்ட துணியைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் பதினைந்து இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்தபடி அதே நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு. தோலில் சோடாவைத் தேய்க்கக் கூடாது.

தரைக்கு ஆப்ப சோடா. எவ்வளவு என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த அமிலம் லிட்டருக்குச் சுமார் 12 மோல், அரை லிட்டரில் 6 மோல். ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் சோடா, அதாவது 84 கிராம். மொத்தம் அரை கிலோவுக்குச் சற்று மேல். 100 மில்லிக்கு 100 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடர் கந்தக அமிலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. லிட்டருக்குச் சுமார் 18 மோல், ஒவ்வொன்றும் இரண்டு பங்கு சோடா கேட்கும். அரை லிட்டருக்கு ஒன்றரை கிலோ வேண்டும். மேசையோரம் ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்திருக்கும் ஒரு பிடி சோடா இதற்கு எந்த மூலைக்கு?

தூவும்போது ஓரத்திலிருந்து உள்நோக்கி வர வேண்டும். நடுவில் கொட்டினால் நுரை பொங்கி அமிலத்தை வெளியே தள்ளும். அறையும் காற்றோட்டமாக இருக்கட்டும், 6 மோல் அமிலம் 145 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும். நுரை அடங்கியபின் லிட்மஸால் சோதித்து, பிறகுதான் தண்ணீர். கந்தக அமிலமானால் முதலில் உலர்ந்த மணல், அதன்மேல் சோடா. நேராகத் தண்ணீரை வாரி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளோ துணியோ காகிதமோ போடக் கூடாது. அவற்றை எரியவைக்கும் வேலையைத்தான் அது செய்யும்.

இத்தனையும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியவை. எந்தக் கையுறை எதற்குத் தாங்கும் என்பது தனிப் பெருங்கதை, இந்த வாரத்துக்குள் அடங்காது. அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள மிகப் பெரிய அமிலக் குப்பி எது, அதற்கு எத்தனை கிலோ சோடா வேண்டும், இருப்பு எவ்வளவு என்று பார்த்து வைத்திருங்கள்.