இரண்டு பெட்டி, இரண்டு ஆயில்

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில், கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். முன்பக்கம் வந்த விசையை இரு சக்கரங்களுக்கும் பகிர்வது முன் டிஃபரென்ஷியல்.

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளரையே எடுத்துக்கொள்வோம். அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு சங்கிலியும் சின்ன ஆயில் பம்ப்பும் உண்டு. குளிரிலும் தடையின்றி ஓடும் மெல்லிய ஆயில்தான் அதற்குத் தேவை. அதனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் சிவப்பு ஆயிலையே இதற்கும் ஊற்றுகிறார்கள்.

டிஃபரென்ஷியலில் கதை வேறு. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சறுக்குகின்றன. மெல்லிய ஆயில் அந்த அழுத்தத்தில் நசுங்கி விலகிவிடும். இரும்பு இரும்போடு உரசி, வண்டி ஊளையிடத் தொடங்கும். அதற்குத்தான் கெட்டியான, கந்தகம் கலந்த ஜி.எல்-5 ரக கியர் ஆயில்.

எல்லா வண்டிக்கும் இதே கணக்கு இல்லை. சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கும் கியர் ஆயில்தான்.

ஆயில் மாற்றும்போது, ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகே வடிக்கும் வேலையைத் தொடங்குங்கள். வடிந்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எந்தப் பெட்டிக்கு எது என்பதற்கு வண்டியின் கையேடே கடைசி வார்த்தை.