‘ஹாய்’ தாண்டிப் பேச்சு வளர

ஹிஞ்ச் போன்ற டேட்டிங் செயலிகளில் புகைப்படங்களுக்கு நடுவே மூன்று கேள்விகள் வரும். செயலி தரும் பட்டியலிலிருந்து நாமே மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகளுக்குள் பதில் எழுத வேண்டும். பலர் இதை விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் பேச்சு நின்றுபோகிறது.

ஹிஞ்சில் ஒருவருக்கு நம்மைப் பிடித்திருந்தால், அவர் நம்முடைய ஒரு புகைப்படத்தையோ ஒரு பதிலையோ தேர்ந்தெடுத்து லைக் செய்வார். விரும்பினால் அதன் கீழேயே ஒரு வரி எழுதி அனுப்பலாம். ஆகவே நம் பதில்தான் அவருடைய முதல் வரிக்கு இடம் தருகிறது. அதில் பிடித்துக்கொள்ள ஏதும் இல்லையென்றால், அவரும் ‘ஹாய்’ என்று அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்வார்?

மதுரையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ‘Together, we could’ என்ற கேள்விக்கு அவர், “ஊர் சுற்றலாம், நல்லா சாப்பிடலாம்” என்று எழுதியிருக்கிறார். பொய்யில்லை, ஆனால் இதையே ஆயிரம் பேர் எழுதலாம். படிப்பவர் “எனக்கும் பிடிக்கும்” என்று சொல்வதோடு சரி. அதே ஆசையை இப்படி எழுதிப் பார்க்கலாம்: “மதுரை ஜிகர்தண்டாவை பெங்களூரில் தேடலாம். இதுவரை பார்த்த மூன்று கடையிலும் பாதாம் பிசின் இல்லை.” இப்போது பெங்களூர்க்காரர் தனக்குத் தெரிந்த ஒரு கடையைச் சொல்லலாம். ஜிகர்தண்டா தெரியாதவர் பாதாம் பிசின் என்றால் என்னவென்று கேட்கலாம். மதுரைக்காரர் “மதுரையில் எந்தக் கடையில் குடிப்பீங்க?” என்று வம்புக்கே இழுக்கலாம். ஒரே பதிலில் மூன்று பேருக்கு மூன்று வாசல்.

எழுதி முடித்ததும் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதைப் படித்து என்னென்ன எழுதி அனுப்ப முடியும்? இரண்டு வரியாவது உங்களுக்கே தோன்றவில்லையென்றால், பதிலை மாற்ற வேண்டும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் வரிசையை மாற்றுவது நல்லது. பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, சமீபத்தில் நண்பர்களிடம் நீங்கள் ஆசையாகச் சொன்ன நாலைந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவை எந்தக் கேள்விக்குள் பொருந்தும் என்று தேடுங்கள். மூன்று பதில்களுக்கும் வேறு வேறு வேலை இருக்கட்டும். ‘Typical Sunday’ உங்கள் அன்றாடத்தைக் காட்டும்; ‘I geek out on’ நீங்கள் மணிக்கணக்கில் பேசக்கூடியதைச் சொல்லும்; ‘Together, we could’ ஒரு அழைப்பு. மூன்றிலும் பிரியாணியும் பயணமுமே வந்தால் இரண்டு கேள்விகள் வீண்.

‘I'm looking for’ என்ற கேள்வியில் கவனம் தேவை. “டைம்பாஸ் ஆளுங்க வேண்டாம், பொய் சொல்றவங்க வேண்டாம்” என்று அங்கே எழுதுவோர் உண்டு. மனக்காயத்தில் வந்த வார்த்தைகள் அவை. அந்தக் கோபம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பொய் சொல்பவர் அதைப் படித்து விலகிப் போவதில்லை. நல்ல மனசுக்காரர்தான் தயங்கி நகர்கிறார். திருமணமா, நீண்டகால உறவா என்பதைச் சொல்லச் செயலியிலேயே தனிப் பகுதி இருக்கிறது. அதை அங்கே தெளிவாகக் குறித்துவிட்டால், இந்த 150 எழுத்துகள் மிச்சம்.

கேள்வியாகவே முடித்தால் பதில் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். “இட்லியா, தோசையா?” என்றால் “தோசை” என்று வரும், அதோடு முடிந்தது. “முதல் தோசை எனக்குத்தான் வேணும், பிய்ந்து வரும் தோசைக்குத் தனி ருசி” என்று உங்கள் கட்சியைச் சொல்லிவிட்டால், மறுத்துப் பேசவாவது ஆள் வரும். அரசியல், மதம் அளவுக்குப் போகாமல் இப்படிச் சின்ன விஷயத்தில் சண்டை பிடித்தால் யாருக்கும் மனம் நோகாது.

நுணுக்கமாக எழுதச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. நீங்கள் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த ஜிம்முக்குப் போகிறீர்கள் என்பது முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரியக் கூடாது. அலுவலகம், குடியிருப்பு, தினமும் போகும் கடை ஆகியவற்றின் பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள். பாதாம் பிசின் இல்லாத குறையைச் சொல்லக் கடையின் பெயர் தேவையே இல்லை.

பதில் வேலை செய்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எதை லைக் செய்தார்கள் என்பதை ஹிஞ்ச் காட்டும். எல்லாமே புகைப்படத்துக்கு மட்டும் விழுந்து, ஒரு பதிலை யாருமே தொடவில்லையென்றால், அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சில நாள் பாருங்கள். மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒரு பதிலுக்கு நிறையப் பேர் எழுதியும் மூன்றாவது வரியில் பேச்சு படுத்துவிடுகிறதா? அந்தப் பதில் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்த நகைச்சுவையாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு உண்மையாகவே ஒரு கதை இருக்கிற விஷயத்தைத்தான் எழுத வேண்டும்.