விளக்கை அணைத்ததும் தொடங்கும் அரிப்பு

எட்டு மாதக் குழந்தை. பகலெல்லாம் சிரித்து விளையாடுகிறது. இரவில் விளக்கை அணைத்ததும் நெளியத் தொடங்குகிறது. சொறியத் தெரியாத வயது என்பதால் இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு அழுகிறது. “வேர்க்குருதான், பவுடர் போடு” என்கிறார் பாட்டி. கொசுக்கடி என்கிறார் அப்பா. மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுக்கிறார். தடவினால் இரண்டு நாள் அமைதி, பிறகு முன்னைவிட அதிகம். தோல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன கதை இது.

மருத்துவர் முதலில் பார்ப்பது குழந்தையின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும்தான். அங்கே சிறு கொப்புளங்கள். அடுத்த கேள்வி, “வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?” அம்மா கூச்சத்துடன் தன் விரலிடுக்கைக் காட்டுகிறார். கொசு, எறும்புக் கடித் தடிப்புகள் பெரும்பாலும் திறந்திருக்கும் கை கால்களில் கூட்டமாக வரும். ஒரே அறையில் படுப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் வீங்கலாம். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி என்று வந்து வீட்டில் பலருக்கும் இரவில் அரித்தால், அது சிரங்காக இருக்கலாம். பெரியவர்களுக்கு முகத்தில் பெரும்பாலும் வராது. கைக்குழந்தைக்கு முகம், தலை, உள்ளங்கால் எதுவும் விலக்கல்ல.

காரணம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். ஒருவர் உடம்பில் பொதுவாகப் பத்துப் பதினைந்து உண்ணிகள்தான் இருக்கும். அரிப்பு அவற்றுக்கும் அவற்றின் கழிவுக்கும் உடல் காட்டும் எதிர்ப்பு. முதல்முறை ஒட்டியவருக்கு அந்த எதிர்ப்பு தலைகாட்ட நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை அரிப்பே இல்லாமல் அவர் மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். மடியில் வைத்துத் தூங்கவைப்பது, பக்கத்தில் படுப்பது போன்ற நீண்ட நேரத் தொடுதல் போதும். இதற்கும் வீட்டின் சுத்தத்துக்கும் முடிச்சுப் போடுவது வீண் பழி.

அந்த டியூப் என்ன ஆனது? அதில் ஸ்டீராய்டு இருந்தது. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், உண்ணியைத் தொடாது. நோய் அடையாளம் தெரியாமல் மங்கிப் பரவும். குழந்தைத் தோல் மெல்லியது. உடல் எடைக்கு அதன் பரப்பும் அதிகம், ஆகவே தடவும் மருந்து ரத்தத்தில் சேரும் விகிதமும் கூடுதல். லிண்டேன் என்ற பழைய மருந்து வலிப்பு வரவைக்கும் ஆபத்து உள்ளதால் சிறு குழந்தைக்கு ஆகாது. பேன் எடுக்க மண்ணெண்ணெய் தடவும் வழக்கமும் ஆபத்தானதே. பேனுக்கு ஈரத் தலையில் பேன்சீப்பு போட்டு, சில நாளுக்கு ஒருமுறை ஈர் தீரும்வரை வாருவது எந்த மருந்தையும்விடச் சாது.

சிரங்குக்கு இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு முதல் தேர்வு 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். அதற்கும் குறைந்த வயதென்றால் வழக்கமாக, மருத்துவர் சொல்லும் அளவில் கந்தகக் களிம்பு. வெந்நீர்க் குளியல் முடிந்த கையோடு தடவக் கூடாது; உடல் சூடு ஆறி, தோல் உலர்ந்திருக்க வேண்டும். கண், வாய் சுற்றுப்பகுதியை விட்டு, குழந்தைக்குத் தலை, காதுக்குப் பின்புறம் தொடங்கி உள்ளங்கால் வரை, நகக்கண்ணிலும் மெல்லிதாகத் தேய்க்க வேண்டும். குழந்தை கையைச் சப்பாதபடி கையுறை போடலாம். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் கழுவலாம். இடையில் கை கழுவினால் அந்த இடத்தில் மறுபடி தடவ வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் மார்பில் பூசியதைத் துடைத்துவிட்டுப் பால் கொடுத்து, பிறகு மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்று.

கடைசி மூன்று நாள் பயன்படுத்திய துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால், மனிதத் தோல் கிடைக்காத உண்ணி செத்துவிடும்.

மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கும். பலர் இந்த இடத்தில்தான் பதறி, மருந்தைத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள். அரிப்பு மட்டும் தோல்வியின் அடையாளமல்ல. புதிய கொப்புளம், புதிய கோடு தெரிந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். புண்ணில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்; சொறிந்த புண்ணில் சேரும் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

நம் எட்டு மாதக் குழந்தைக்கு மூன்றாம் வாரம் புதிய கொப்புளங்கள் வந்தன. மருத்துவர் அன்றிரவு யார் யார் பூசிக்கொண்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பாட்டி மட்டும் பூசவில்லை. “எனக்குத்தான் அரிக்கவே இல்லையே” என்றார் அவர். குழந்தை தினமும் தூங்குவது அவர் மடியில்.